எந்த வழியில் போனாலும் ஒரே நேரம்: சத்துவாச்சாரியின் இரண்டு சாலைகள்

சத்துவாச்சாரியிலிருந்து வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆற்காடு சாலை. கடைத்தெருக்களுக்கு நடுவே நேராக வந்து, சி.எம்.சி. மருத்துவமனை வாசலைத் தொட்டுக்கொண்டு போய்ச் சேரும். இன்னொன்று சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை. அதில் ஏறி, கிரீன் சர்க்கிள் வரை போய், இடப்பக்கம் திரும்பி நகருக்குள் இறங்க வேண்டும். முதல் வழி தூரம் குறைவு, ஆனால் குறுகல். இரண்டாவது சுற்று, ஆனால் அகலம்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் ஏறியதும், "எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம், அண்ணா?" என்று கேட்டேன். ஓட்டுநர் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார். "இந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் சார். அந்தப் பக்கம் சீக்கிரம் என்றால் எல்லாரும் அந்தப் பக்கமே போய்விட மாட்டார்களா?"

போக்குவரத்துப் பொறியியலின் அடிப்படை விதி ஒன்றை அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். முதல் வாக்கியம் விதி. இரண்டாவது அதற்கான காரணம். 1952ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கிளென் வார்ட்ராப் இதையே ஒரு கட்டுரையில் எழுதினார். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பல வழிகள் இருந்தால், உண்மையில் வண்டிகள் ஓடும் வழிகள் எல்லாவற்றிலும் பயண நேரம் ஒன்றாகவே இருக்கும். யாரும் போகாத வழி ஏதாவது இருந்தால், அதில் போவதற்கு அதைவிடக் குறைவான நேரம் ஆகாது. இந்த நிலையைத்தான் வார்ட்ராப் சமநிலை என்கிறார்கள். அவருக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1920இல், ஆர்தர் பிகூ என்ற பொருளாதார அறிஞர் இரண்டு சாலைகளையும் அவற்றில் ஓடும் வண்டிகளையும் வைத்து இதே எண்ணத்தை எழுதியிருந்தார்.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே இரண்டு சாலைகளும் எப்படி ஒரே நேரத்துக்கு வந்து நிற்கின்றன? அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. சாலையில் அளந்து எடுத்தவை அல்ல. சாலைகளின் குணம் மட்டும் உண்மையானது: ஒன்று குறுகலான குறுக்குவழி, மற்றது அகலமான சுற்றுவழி.

ஆற்காடு சாலையில் வேறு வண்டியே இல்லையென்றால் 8 நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 வண்டிகள் கூடுந்தோறும் அந்தச் சாலையில் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கூடுகிறது. நெடுஞ்சாலை வழியில் காலியாக இருந்தாலும் 14 நிமிடம் ஆகும். ஆனால் அது அகலம் என்பதால், 300 வண்டிகள் கூடினால்தான் ஒரு நிமிடம் கூடுகிறது. காலை நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் 2,400 வண்டிகள் புறப்படுகின்றன. x என்பது ஆற்காடு சாலையில் போகும் வண்டிகளின் எண்ணிக்கை என்றால்,

```
ஆற்காடு சாலை : 8 + x/100
நெடுஞ்சாலை   : 14 + (2400 - x)/300
```

இரண்டும் சமமாகும் இடம் x = 1050. அதாவது ஆற்காடு சாலையில் 1,050 வண்டிகள், நெடுஞ்சாலையில் 1,350 வண்டிகள். இரண்டிலும் பயண நேரம் 18.5 நிமிடம்.

இந்தப் பங்கீடு ஏன் கலையாமல் நிற்கிறது? நெடுஞ்சாலையில் போகும் 100 பேர் நாளைக்கு ஆற்காடு சாலைக்கு மாறினால், அங்கே நேரம் 19.5 நிமிடமாக ஏறும். அவர்கள் விட்டு வந்த நெடுஞ்சாலையில் நேரம் மூன்றில் ஒரு நிமிடம் குறையும். மாறியவர்கள் நட்டப்பட்டதை உணர்ந்து திரும்பிவிடுவார்கள். எதிர்த்திசையில் மாறினாலும் இதே கதைதான். யாருக்கும் மாறுவதில் லாபம் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

சமன்பாட்டைவிடத் தெளிவாக இதை மனத்தில் பதிக்க ஒரு படம் இருக்கிறது. வயலோரத்தில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு சிமெண்ட் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டி ஒடுக்கமானது. அதன் தரை 8 அடி உயரக் கோட்டில் இருக்கிறது. இரண்டாவது மூன்று மடங்கு அகலம். ஆனால் அதன் தரை மேட்டில், 14 அடிக் கோட்டில் இருக்கிறது. மேட்டுத் தொட்டியின் தரை மட்டத்தில் இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. பள்ளத்துத் தொட்டியில் தண்ணீரை விடுங்கள். முதலில் அது மட்டும் நிறையும். நீர்மட்டம் 14ஐத் தொட்டதும் குழாய் வழியாக அடுத்த தொட்டிக்குப் பாயத் தொடங்கும். அதற்குப் பிறகு இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே ஏறும். தண்ணீர் என்பது வண்டிகள். நீர்மட்டம் என்பது பயண நேரம். தரையின் உயரம் காலிச் சாலையின் நேரம். தொட்டியின் அகலம் சாலையின் தாங்குதிறன். நேரம் நேர்கோட்டில் கூடும் வரையில் இது வெறும் உவமை அல்ல, கணக்கே இதுதான்.

நம் எண்களைத் தொட்டியில் ஊற்றிப் பார்க்கலாம். ஆற்காடு சாலையின் நேரம் 8லிருந்து 14க்கு ஏற 600 வண்டிகள் வேண்டும். ஆகவே மணிக்கு 600 வண்டி வரை ஒருவர்கூடச் சுற்றுவழியில் போக மாட்டார். போனால் அவருக்குத்தான் நட்டம். மீதி 1,800 வண்டிகளும் இரண்டு சாலைகளிலும் சேர்ந்தே ஏறுகின்றன. இரண்டும் சேர்ந்தால் 400 வண்டிக்கு ஒரு நிமிடம். 1,800ஐ 400ஆல் வகுத்தால் 4.5. பதினாலும் நாலரையும் சேர்ந்து பதினெட்டரை. அதோடு இன்னொன்றும் தெரிகிறது: நெரிசலில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு 100 வண்டியிலும் 25தான் ஆற்காடு சாலைக்குப் போகும், 75 நெடுஞ்சாலைக்குப் போகும். ஊர் வளர வளர, குறுகிய சாலையில் வண்டிகள் கூடுவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதில் ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

இந்தத் தொட்டிப் படம் கைக்கு வந்தபின், சாலை வேலைகளைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் பல முடிவுகள் தவறு என்று தெரியவரும்.

ஆற்காடு சாலையில் குழாய் பதிக்கத் தோண்டி, பாதியை அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி 50 வண்டிக்கே ஒரு நிமிடம் கூடும். முதல் நாள் காலையில் யாருக்கும் செய்தி தெரியாது. வழக்கம்போல 1,050 வண்டிகளும் அங்கேயே நுழைகின்றன. பயண நேரம் 8 + 21, அதாவது 29 நிமிடம். நெடுஞ்சாலையில் போனவர்கள் வழக்கமான 18.5 நிமிடத்தில் போய்விட்டார்கள். அன்று மாலை டீக்கடையில் பேச்சு வேறு எதைப் பற்றி இருக்கும்? மறுநாள் 700 பேர் நெடுஞ்சாலைக்கு ஓடுகிறார்கள். இப்போது ஆற்காடு சாலையில் மீதி 350 வண்டிகள்தான். 15 நிமிடத்தில் போகலாம். நெடுஞ்சாலையில் 2,050 வண்டிகள். ஏறத்தாழ 21 நிமிடம். நேற்று திணறிய சாலை இன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. மூன்றாம் நாள் சிலர் திரும்பி வருகிறார்கள். நாள்தோறும் மாறுபவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், கொஞ்ச நாளில் ஆற்காடு சாலையில் 600, நெடுஞ்சாலையில் 1,800 என்று அடங்கிவிடும். நேரம் இரண்டிலும் 20 நிமிடம்.

ஒரு சாலையின் பாதி தாங்குதிறன் போய்விட்டது. ஆனால் எல்லோருக்கும் கூடியது ஒன்றரை நிமிடம்தான். முதல் நாளின் 29 நிமிடத்தை வைத்து "ஊரே நின்றுவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னவரும், இரண்டாம் நாளின் 15 நிமிடத்தை வைத்து "அடைத்ததே நல்லது" என்று சொன்னவரும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள். இருவரும் அளந்தது சமநிலைக்குப் போகும் வழியில் இருந்த ஊசலாட்டத்தை. அதோடு, அந்த ஒன்றரை நிமிடம் தோண்டப்படாத நெடுஞ்சாலையில் போகும் 1,350 பேருக்கும் கூடியிருக்கிறது. தங்கள் சாலையில் ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டாதபோது நேரம் ஏன் கூடியது என்று அவர்களுக்கு விளங்காது. வேலையின் பாதிப்பைக் கணக்கிடுபவர் ஆற்காடு சாலையை மட்டும் அளந்தால் இவர்களின் நட்டம் கணக்கிலேயே வராது.

ஊசலாட்டம் தானாக அடங்கும் என்பதும் உறுதியல்ல. எல்லோரும் நேற்றைய நேரத்தை மட்டும் பார்த்து இன்று கூட்டமாக மாறினால், இன்று ஒரு சாலை, நாளை மற்றது என்று நெரிசல் தாவிக்கொண்டே இருக்கும். நடைமுறையில் அது அடங்குவதற்குக் காரணம் நம் பழக்கத்தின் பிடிதான். பலர் ஒரு நாள் தாமதத்துக்காக வழியை மாற்றுவதில்லை. இரண்டு மூன்று நாள் பார்த்தே மாற்றுகிறார்கள். நிறையப் பேர் மாறவே மாட்டார்கள். ஆகவே தினமும் கொஞ்சம் பேர்தான் நகர்கிறார்கள், நீர்மட்டம் அமைதியாகச் சமமாகிறது. கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தைப் பார்த்து ஒரே நிமிடத்தில் பலர் ஒரே பக்கம் திரும்பும்போது இந்த அமைதி குலையலாம். வரைபடம் காட்டுவது பெரும்பாலும் முன்னால் போனவர்கள் பட்ட நேரத்தை வைத்துப் போட்ட கணிப்பு, நாம் உண்மையில் படப்போகும் நேரம் அல்ல.

இதன் மறுபக்கம் சாலையை அகலப்படுத்துவது. ஆற்காடு சாலையில் ஆக்கிரமிப்பை நீக்கி, 150 வண்டிக்கு ஒரு நிமிடம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஓடும் வண்டிகள் அதே 1,050 என்று எடுத்துக்கொண்டால், 8 + 7 = 15 நிமிடம். மூன்றரை நிமிட லாபம் என்று திட்ட அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்தப் 15 நிமிடத்தைக் கேள்விப்பட்டு நெடுஞ்சாலைக்காரர்கள் வருவார்கள். தொட்டிக் கணக்கில், 900 வண்டிகள் வரை ஆற்காடு சாலை மட்டும் நிறையும். மீதி 1,500 வண்டிகள், 450க்கு ஒரு நிமிடம் வீதம் ஏறும். நேரம் சுமார் 17.3 நிமிடம். ஆற்காடு சாலையில் இப்போது 1,400 வண்டிகள் ஓடும்.

அகலப்படுத்திய சாலையில் நின்று பார்ப்பவருக்கு, செலவு செய்த பிறகு 350 வண்டிகள் கூடியிருக்கின்றன, நேரமோ ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது என்று தோன்றும். "அகலப்படுத்தினால் கூட்டம்தான் வருகிறது, பயனில்லை" என்று அவர் சொல்வார். அது முழு உண்மை அல்ல. அந்த ஒரு நிமிடச் சொச்சம் ஆற்காடு சாலையில் போகிறவர்களுக்கு மட்டும் கிடைத்ததல்ல. இரண்டு வழிகளிலும் போகும் 2,400 பேருக்கும் கிடைத்தது. லாபம் வீணாகவில்லை, பரவிவிட்டது. அடைத்தபோது நட்டம் பரவிய அதே வழியில்தான் திறந்தபோது லாபமும் பரவுகிறது. இரண்டு சாலைகளை மாற்றிக்கொள்ளக்கூடிய வண்டிகள் ஓடும் வரை, ஒரு சாலையை மட்டும் பார்த்து எந்த வேலையையும் எடை போட முடியாது. புதிதாக வீடு கட்டி வருபவர்களும், பஸ்ஸை விட்டு வண்டி வாங்குபவர்களும் சேர்ந்தால் மொத்தம் 2,400 என்பதே மாறும். அது வேறு கணக்கு.

இங்கே ஓர் ஐயம் எழும். ஓட்டுநர்கள் எல்லோரும் தங்களுக்குச் சிறந்த வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்றால், ஊருக்கும் அதுதான் சிறந்த பங்கீடா? இல்லை. வார்ட்ராப் இதையும் அதே கட்டுரையில் தனியாகப் பிரித்தார். அவருடைய முதல் அளவுகோல் நேரம் சமமாவது. இரண்டாவது அளவுகோல் எல்லோருடைய நேரத்தின் சராசரியும் மிகக் குறைவாக இருப்பது. இரண்டும் பொதுவாக ஒத்துப்போவதில்லை.

நம் பழைய எண்களுக்கே திரும்புவோம். சமநிலையில் 2,400 வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் 18.5 நிமிடம். மொத்தம் 44,400 நிமிடம். இப்போது 225 வண்டிகளை ஆற்காடு சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு மாற்றுவோம். ஆற்காடு சாலையில் 825 வண்டிகள், 16.25 நிமிடம். நெடுஞ்சாலையில் 1,575 வண்டிகள், 19.25 நிமிடம். மொத்தத்தைக் கூட்டினால் 43,725 நிமிடம். 675 நிமிடம் மிச்சம். இதைவிடக் குறைக்கவும் முடியாது.

மிச்சம் எங்கிருந்து வந்தது? ஆற்காடு சாலையில் நுழையும் ஒரு வண்டி தன் நேரத்தை மட்டும் செலவழிப்பதில்லை. தன்னோடு ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் நூறில் ஒரு நிமிடத்தைக் கூட்டுகிறது. நூறில் ஒரு நிமிடம் யாருக்கும் தெரியாது. ஆனால் அதை 1,050 பேர் சுமக்கும்போது பத்தரை நிமிடம். அந்த ஓட்டுநர் தன் 18.5 நிமிடத்தைத்தான் பார்க்கிறார். பிறர் தலையில் ஏற்றிய பத்தரை நிமிடம் அவர் கணக்கில் இல்லை. நெடுஞ்சாலையில் நுழையும் வண்டி பிறருக்குக் கூட்டுவது முந்நூறில் ஒரு நிமிடம். 1,350 பேருக்குச் சேர்த்து நாலரை நிமிடம். ஓட்டுபவருக்கு இரண்டு சாலைகளும் சமம், ஊருக்கு அவை சமமல்ல. பத்தரைக்கும் நாலரைக்கும் உள்ள அந்த ஆறு நிமிட இடைவெளியை எந்த ஓட்டுநரும் பார்க்க முடியாது.

ஆனால் 825, 1,575 என்ற அந்த நல்ல பங்கீடு தானாக நிற்காது. நெடுஞ்சாலையில் போகிறவர் தினமும் மூன்று நிமிடம் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். பக்கத்துச் சாலை 16 நிமிடத்தில் போகிறது என்று தெரிந்தும் யார் அங்கே இருப்பார்கள்? ஒவ்வொருவராக நழுவி வந்து மறுபடியும் 1,050ஐத் தொட்டுவிடும். அதை நிறுத்த, ஆற்காடு சாலையில் போவதற்கு மூன்று நிமிடத்துக்கு ஈடான கட்டணம் வைக்க வேண்டும். அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்பதையும் சரிபார்க்கலாம்: நல்ல பங்கீட்டில் ஆற்காடு சாலை வண்டி பிறருக்குக் கூட்டுவது 8.25 நிமிடம், நெடுஞ்சாலை வண்டி கூட்டுவது 5.25 நிமிடம், வித்தியாசம் சரியாக மூன்று. நெரிசல் சாலைக்கு விதிக்கலாம் என்று பிகூ 1920இல் சொன்ன வரியின் உட்பொருள் இதுதான்.

வேலூருக்கு இதைச் சிபாரிசு செய்கிறேனா என்று கேட்டால், மாட்டேன். 675 நிமிடத்தை 2,400 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினேழு நொடி. ஒன்றரை சதவீத லாபத்துக்காக மருத்துவமனைக்குப் போகும் சாலையில் கட்டணச் சாவடி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமநிலையால் வரும் இழப்பு எப்போதும் இப்படிச் சிறியதாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஒரு சாலை எவ்வளவு வண்டி வந்தாலும் 20 நிமிடமே ஆகும் மிக அகலமான சாலை, மற்றது 120 வண்டிக்கு ஒரு நிமிடம் கூடும், காலியாக இருந்தால் நேரமே ஆகாத குறுக்குவழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 பேரும் குறுக்குவழியில் புகுந்து அதையும் 20 நிமிடமாக்கிவிடுவார்கள். பாதிப் பேர் அகலச் சாலையில் போயிருந்தால், அவர்களுக்கு அதே 20, மற்றவர்களுக்கு 10, சராசரி 15. யாருக்கும் நட்டமில்லாத 5 நிமிடம் அங்கே கரைந்துபோகிறது. நேரம் நேர்கோட்டில் கூடும் சாலைகளில் இதுதான் உச்சம்: சமநிலையின் மொத்த நேரம் சிறந்த பங்கீட்டைப் போல மூன்றில் நான்கு மடங்கைத் தாண்டாது. எத்தனை சாலைகள் பின்னிக் கிடந்தாலும் இந்த எல்லை மாறாது என்பதைக் கணினி அறிவியல் அறிஞர்களான டிம் ரஃப்கார்டனும் ஈவா டார்டோஷும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினார்கள்.

இனி, இந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, எல்லா வண்டிகளுக்கும் தேர்வு கிடையாது. பஸ் தன் தடத்தில்தான் போகும். ஆற்காடு சாலையில் கடை வைத்திருப்பவர் அங்கேதான் வருவார். இப்படி 200 வண்டிகள் ஆற்காடு சாலையிலேயே கட்டுண்டவை என்றால், மாறக்கூடியவர்களுக்கு அந்தத் தொட்டியின் தரை 8லிருந்து 10க்கு உயர்ந்துவிட்டது என்று பொருள். ஆனாலும் சமநிலை கெடாது. மாறக்கூடிய 850 பேர் வந்து மட்டத்தைச் சரிசெய்துவிடுவார்கள். கட்டுண்ட வண்டிகளே 1,050ஐத் தாண்டினால்தான் சமநிலை உடையும். அப்போது ஆற்காடு சாலை எப்போதும் தாமதம், நெடுஞ்சாலை எப்போதும் வேகம் என்று நிலைத்துவிடும். இரண்டு சாலைகளையும் சமமாக வைத்திருப்பது மொத்தக் கூட்டம் அல்ல. எந்தப் பக்கமும் போகத் தயாராக இருக்கும் அந்தச் சில நூறு பேர்தான்.

இரண்டாவது, பொதுவான பகுதி. இரண்டு வழிகளும் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒன்றுசேர்கின்றன. அந்த இடத்தில் 5 நிமிடம் தாமதமானாலும் 15 நிமிடம் தாமதமானாலும் இரு தரப்புக்கும் ஒன்றாகவே கூடும். பங்கீட்டை அது தொடாது. கிரீன் சர்க்கிள் அப்படியல்ல. அங்கே காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டி வரும் வண்டிகளும், புதிய பேருந்து நிலையத்துக்குப் போகும் பஸ்களும் சேருகின்றன. நெடுஞ்சாலை வழியின் நேரம் அந்த வழியில் போகும் வண்டிகளை மட்டும் பொறுத்ததல்ல. காட்பாடிப் பக்கம் கூட்டம் கூடினால் மேட்டுத் தொட்டியின் தரை உயரும். சத்துவாச்சாரியில் ஒரு வண்டிகூடக் கூடாமலே ஆற்காடு சாலை நிரம்பும்.

மூன்றாவதுதான் பெரியது. நேரம் நேர்கோட்டில் கூடுவதில்லை. அமெரிக்காவின் பொதுச்சாலைத் துறை 1964இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. அதன்படி, சாலை தன் தாங்குதிறனைத் தொடும்வரை நேரம் 15 சதவீதம்தான் கூடும். கூடும் நேரம், தாங்குதிறனுக்கும் வண்டிகளுக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், அதற்குப் பிறகு வேகமாகக் கூடும். 8 நிமிடச் சாலை, முழுத் தாங்குதிறனில் 9.2 நிமிடம், தாங்குதிறனைப் போல ஒன்றரை மடங்கு வண்டிகள் வந்தால் 14 நிமிடம். தொட்டியின் சுவர்கள் நேராக நிற்காமல், மேலே போகப் போகக் குறுகி, குடத்தின் கழுத்தைப் போல ஆகிவிடுகின்றன. நீர்மட்டம் சமமாகும் என்ற விதி அப்போதும் மாறாது. ஆனால் கழுத்துப் பகுதியில் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டாலே மட்டம் சட்டென்று ஏறும். ஆண்டுக் கடைசி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வண்டிகள் கொஞ்சமே கூடினாலும் நெரிசல் மடங்காகத் தெரிவது இதனால்தான்.

சிக்னலில் வரிசை நிற்கத் தொடங்கிவிட்டால் இந்தச் சூத்திரமும் போதாது. ஒரு சந்திப்பு மணிக்கு 900 வண்டிகளை மட்டுமே விடும், வருவதோ 1,050 என்றால், ஒரு மணி நேரத்தில் 150 வண்டிகள் தேங்கும். முதலில் வந்தவருக்குக் காத்திருப்பே இல்லை; கடைசியாக வந்தவர் பத்து நிமிடம் நிற்பார். ஒரே சாலை, ஒரே அளவு ஓட்டம், ஆனால் 8.30க்குப் புறப்பட்டவருக்கும் 9.30க்குப் புறப்பட்டவருக்கும் வேறு வேறு நேரம். அங்கே "எந்தச் சாலை" என்பதைவிட "எப்போது புறப்படுவது" என்பதே பெரிய தேர்வாகிவிடுகிறது. சமநிலையை அளக்க விரும்புபவர் ஒரு நாளின் சராசரியை எடுத்தால் இது மறைந்துவிடும். ஒரே நிமிடத்தில் புறப்பட்ட இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டும்.

நானும் என் மைத்துனரும் அப்படிச் செய்து பார்த்தோம். சில நாள்கள் காலையில் ஒரே இடத்தில் இருசக்கர வண்டிகளை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒன்றாகப் புறப்பட்டோம். அவர் நெடுஞ்சாலையில், நான் ஆற்காடு சாலையில். நெரிசல் நேரத்தில் சில நாள் அவர் முந்தினார், சில நாள் நான். வித்தியாசம் பெரிதாக இருக்கவில்லை. விடியற்காலையில் போனபோது ஒவ்வொரு முறையும் நானே முதலில் போய், பேருந்து நிலைய வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இருசக்கர வண்டி இடுக்கில் நுழைந்து போவதால் அதன் நேரக்கோடு காருடைய கோடு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரில் போகிறவர்களுக்குச் சமநிலை வேறொரு நேரத்தில் அமையும்; ஆகவே கார்களைக் கார்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. அதற்குக் கடிகாரம் ஒன்றே போதும். பொழுது விடிந்ததிலிருந்து நெடுஞ்சாலைப் பிரிவில் நின்று, பழைய பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆட்டோக்கள் எப்போது முதன்முதலாக ஆற்காடு சாலையை விட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் ஆற்காடு சாலையின் பயண நேரம், காலி நெடுஞ்சாலையின் பயண நேரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் எண்களில் அது 14. தண்ணீர் குழாயின் வாயைத் தொடும் இடம் அதுதான்.